வெள்ளிக்கிழமை பத்து மணி மெசேஜ்

அந்தத் தெருவில் அவளைக் கல்லாக்கா என்றால்தான் தெரியும். மளிகைக் கடையின் கல்லாவில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் மட்டும் இருக்கிறது. அவள் புருஷனே ஒருநாள் கடைக்கு வந்து, "கல்லாக்கா இருக்காளா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பில் போடுவது அவள் வேலை. ஆனால் அவளைக் கேட்டால் அது வேலை இல்லை, கை பழகிப்போன பழக்கம் என்பாள். வேலை என்று அவள் மனசார ஒப்புக்கொண்டது ஒன்றைத்தான். வாராவாரம் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடை போனிலிருந்து இருநூற்று நாற்பத்து மூன்று பேருக்குப் போகும் சலுகை மெசேஜ். அதை எழுதுவது அவள்தான். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி "சுமார்" என்று வாங்கியவள். இப்போது எழுதுவதை ஊரே படிக்கிறது என்கிற பெருமை அவளுக்குக் கொஞ்சநஞ்சமில்லை. ஸ்டேட்டஸ் போட்டால் அடியில் கண் மாதிரி ஒரு குறி வந்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுமே, அந்த எண்ணை அவள் பார்ப்பதைப் பார்த்தால், சட்டியில் பால் பொங்குகிறதா என்று பார்க்கிற மாதிரி இருக்கும்.

இந்தப் பெருமை சும்மா வந்ததில்லை. அடிபட்டு வந்தது. முதல் தடவை ஸ்டேட்டஸ் போட்டபோது "இன்று மட்டும் முட்டை விலை குறைவு" என்று எழுதிவிட்டாள். போட்டது சாயங்காலம் ஆறு மணிக்கு. ஸ்டேட்டஸ் இருபத்து நாலு மணி நேரம் கிடக்கும். மறுநாள் விடிந்ததும் பார்த்தவனுக்கு அந்த 'இன்று' அவனுடைய இன்று. பழைய விலை என்றதும், "உன் போன்ல இன்னிக்குன்னுதானே போட்டிருக்கு?" என்று ஆளுக்கு ஆள் போனை நீட்டினார்கள். அன்றைக்கு முட்டையோடு மானமும் போயிற்று. அதிலிருந்து 'இன்று' 'நாளை' இரண்டும் அவள் எழுத்தில் கிடையாது. கிழமை, தேதி, எத்தனை மணி வரை, அவ்வளவுதான்.

மெசேஜ் வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது. "தினம் அனுப்பினா நம்பரை அழிச்சிடுவாங்க, அழிச்சிட்டா பிராட்காஸ்ட் போகாது" என்பாள். அது நிஜம். கடை நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த மெசேஜ் போய்ச் சேரும். அதனால் புதிதாக யார் வந்தாலும் மிச்சச் சில்லறையைக் கையில் வைத்துக்கொண்டே, "நம்பரைப் போட்டுட்டீங்களா? என்ன பேர்ல போட்டீங்க, காட்டுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் சில்லறையைக் கொடுப்பாள். 'மளிகை', 'முட்டைக் கடை', 'கடை அக்கா கோபம்' என்று விதவிதமாகப் போட்டிருப்பார்கள். கடைசிப் பெயரை வைத்திருந்தவர் மட்டும் போனைக் காட்ட மறுத்துவிட்டார். ஆனால் அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

இப்படி இருந்த பிழைப்பில்தான் அச்சகத்துக்காரர் வந்து சேர்ந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர். இப்போதெல்லாம் பத்திரிகையையும் போனிலேயே அனுப்பிவிடுவதால் தொழில் படுத்துவிட்டது. கடைகளுக்கு ஸ்டேட்டஸ் போஸ்டர் செய்துகொடுக்கக் கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை முதலாளியிடம் மாதிரி காட்டினார். மஞ்சளும் சிவப்புமாக ஒரு படம். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சிரிக்கிறாள். தலைக்கு மேல் 'மாபெரும் அதிரடி! முந்துங்கள்!' என்று நட்சத்திரம் வெடிக்கிறது.

"இந்தப் பொண்ணு நம்ம கடைக்கு வந்ததே இல்லையே" என்றாள் கல்லாக்கா.

"விளம்பரம்னா அப்படித்தாம்மா" என்றார் அச்சகத்துக்காரர் பொறுமையாக.

முதலாளிக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது. அவர் நல்ல மனுஷர்தான், ஆனால் பளபளப்பைக் கண்டால் கொஞ்சம் வாய் பிளப்பார். கிடங்கில் முப்பது பெட்டி வெண்ணெய் பிஸ்கட் தேங்கிக் கிடந்தது வேறு அவரை அரித்துக்கொண்டிருந்தது. அவர் அவளிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை நீ எழுது. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பிஸ்கட் பாதியாவது நகரணும். நகரலேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து போஸ்டர்தான். வருத்தப்படாதே, பில் போடற வேலை உனக்கு என்னைக்கும் உண்டு."

வருத்தப்படாதே என்று சொன்னால் வருத்தம் போய்விடுமா? அன்றைக்கு வீட்டில் அவள் பாத்திரம் கழுவிய சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்டது. கல்லூரியில் படிக்கிற மகள், "என்னம்மா, எழுத்தாளர் வேலை போயிடுமா?" என்று கேலி பண்ணினாள். அப்புறம் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு, அவளே துணியை எடுத்துப் பாத்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. வழக்கம் என்னவென்றால், கல்லாக்கா முதலில் வரைவை முதலாளிக்கு அனுப்புவாள். காலையில் அவர் மொத்த மார்க்கெட்டில் சரக்குப் போட்டுக்கொண்டிருப்பார். அங்கிருந்தே பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். அதற்கப்புறம் அதில் அவருக்கென்று எழுதிய குறிப்புகளை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிராட்காஸ்ட் பட்டியலுக்கு அனுப்புவாள். கடை போனில் இந்த இரண்டையும் மேலேயே குத்தி வைத்திருந்தாள். முதலாளி முதல் வரி, பட்டியல் இரண்டாம் வரி.

அன்றைக்கு ஒன்பது மணியிலிருந்தே அச்சகத்துக்காரர் கல்லாவை ஒட்டி ஒரு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து முதலாளிக்காகக் காத்திருந்தார். சும்மா இருக்கவும் மாட்டார். "மெசேஜ் அனுப்பியாச்சாம்மா?", "எத்தனை வரி?", "இவ்வளவு நீளமா யார் படிப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கையால் பருப்புக்குப் பில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் கல்லாக்கா வரைவை அனுப்பினாள். அப்போது பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

பத்து நிமிடம் கழித்து முதலாளியிடமிருந்து கட்டைவிரல் வந்தது. கூடவே ஒரு வரி: "பிஸ்கட் தேதி மட்டும் எழுதாதே. மத்ததெல்லாம் சரி."

சரி, குறிப்பை எடுத்துவிட்டு அனுப்பலாம் என்று முதலாளியின் வரியைத் திறந்து, மெசேஜை நகல் எடுக்க விரலை வைத்தாள். அப்போதுதான் பார்த்தாள். மெசேஜுக்கு அடியில், நேரம் காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், எறும்பு அளவுக்கு ஒரு ஒலிபெருக்கிக் குறி.

அந்தக் குறி பட்டியல் வழியாகப் போன மெசேஜுக்குத்தான் வரும். முதலாளியும் அந்தப் பட்டியலில் இருக்கிறவர், அவளே சேர்த்தது. பட்டியலுக்கு அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போய் விழும். அவருக்கும் தனியாகத்தான் விழுந்திருக்கிறது, வாராவாரம் வரைவு விழுகிற அதே இடத்தில். அவர் வரைவு என்றே நினைத்துக் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்.

கல்லாக்கா பட்டியலைத் திறந்தாள். அங்கே முழுசாகக் கிடந்தது அவள் எழுதியது.

"முதலாளி, இந்த வாரத்துக்கு இதான். வெள்ளி காலைலேர்ந்து ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்.

வெண்ணெய் பிஸ்கட் பெரிய பாக்கெட் பாதி விலை. முப்பது பெட்டி கிடக்கு. அடுத்த மாசம் இருபதாம் தேதியோட காலாவதி. அதைச் சொல்லிடலாமா? சொல்லலேன்னா வீட்ல போய் பாக்கெட்டைத் திருப்பிப் பாத்துட்டு நம்மளைத்தான் திட்டுவாங்க. நான் நேத்து ஒண்ணு பிரிச்சுத் தின்னு பாத்தேன். மொறுமொறுன்னுதான் இருக்கு.

உருளைக்கிழங்கு மூணு கிலோ எடுத்தா ஒரு கிலோ சும்மா. மேல் மூட்டை மட்டும்தான் போடப்போறேன். அடி மூட்டை முளை விட்டிருச்சு, நீங்க சொன்னாலும் போடமாட்டேன்.

துணி சோப்பு நாலுக்கு ஒண்ணு இலவசம். உறைதான் புதுசு, உள்ள அதே சோப்பு.

பிஸ்கட் வீட்டுக்கு ரெண்டு பாக்கெட்டுன்னு போடணும். இல்லேன்னா டீச்சரம்மா ஒருத்தரே பெட்டியோட தூக்கிட்டுப் போயிடுவாங்க. சர்க்கரைக்கு அவங்க பண்ணின கூத்து ஞாபகம் இருக்குல்ல?"

டீச்சரம்மா பின் தெருவில் இருக்கிறவர். சர்க்கரைக்கு ஆளுக்கு இரண்டு கிலோ என்று போட்டபோது, புருஷன், மகன், மாடியில் குடியிருக்கிற குடித்தனக்காரி என்று ஆளுக்கொரு பையோடு வரிசையில் நிறுத்தி, ஒருவரையொருவர் தெரியாத மாதிரி நடிக்கச் சொன்னவர். அவரும் பட்டியலில் இருக்கிறார். குடித்தனக்காரியும் இருக்கிறாள்.

தகவல் பக்கத்தைத் திறந்து யார் யார் படித்தார்கள் என்று பார்த்தாள். எழுபத்தொன்பது பேர் படித்தாயிற்று. டீச்சரம்மாவின் பெயர், படித்தவர்களில் இல்லை. போய்ச் சேர்ந்தவர்களில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். அழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். அழித்தால் அந்த இடத்தில் 'அழிக்கப்பட்டது' என்று ஒரு வரி நிற்கும். டீச்சரம்மா அதைப் பார்த்தால் விடுவாரா? குடித்தனக்காரியைக் கேட்பார். அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு?" என்றார் அச்சகத்துக்காரர்.

"ஒண்ணுமில்லை" என்றாள். "நீங்க ஜெயிச்சிட்டீங்க."

வேலை போகப்போகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதைவிட, நாலு பேர் நடுவில் ஒரு மனுஷியைப் பற்றிப் பேசிவிட்டோமே என்பதுதான் அவளைச் சுட்டது. கல்லாவில் உட்கார்ந்து எத்தனையோ பேரைப் பற்றி மனசுக்குள் எத்தனையோ நினைத்திருக்கிறாள். நினைப்பு நினைப்பாகவே இருந்தால் பாவமில்லை. இது இருநூற்று நாற்பத்து மூன்று பேர் கைக்குப் போய்விட்டது.

போன் துடித்தது. பதில்கள் வர ஆரம்பித்தன. பிராட்காஸ்டுக்கு வரும் பதில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதுவரைக்கும் அந்த இடத்தில் மாதத்துக்கு ஒரு 'சரி' வந்தால் அதிசயம். இப்போது வரிசையாக வந்தது.

"இருபதாம் தேதியா? எங்க வீட்ல நாலு நாள் தாண்டாது. ரெண்டு எடுத்து வை."

"அடி மூட்டையைப் போடமாட்டேன்னு சொன்னியே, அதுக்காகவே வரேன்."

"கல்லாக்கா, நீ தின்னு பாத்த பாக்கெட்டுக்குப் பில் போட்டியா?"

அவள் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தாள். யாரும் திட்டவில்லை. அப்புறம் எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஸ்டேட்டஸை எழுத உட்கார்ந்தாள். இந்தத் தடவை யாருக்கும் வரைவு அனுப்பவில்லை.

"இந்த வெள்ளிக்கிழமை காலை வந்த மெசேஜ் முதலாளிக்கு எழுதியது, கை தவறி எல்லோருக்கும் வந்துவிட்டது. தவறு என்னுடையது. ஆனால் சரக்கைப் பற்றி எழுதியது எல்லாம் நிஜம். பிஸ்கட் அடுத்த மாதம் இருபதாம் தேதி வரைதான். பாதி விலை ஞாயிறு மாலை ஆறு மணி வரை. வீட்டுக்கு இரண்டு."

டீச்சரம்மா பற்றி அதில் எழுதவில்லை. அந்த மன்னிப்பை ஸ்டேட்டஸில் கேட்டால் இன்னும் நூறு பேருக்குத் தெரியும். அதை நேரில்தான் கேட்கவேண்டும்.

பன்னிரண்டே முக்காலுக்கு டீச்சரம்மா படித்துவிட்டார் என்று தெரிந்தது. பதில் வரவில்லை. கல்லாக்கா போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குள் கடையில் கூட்டம் ஏறியிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பாக்கெட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, "ஆமா, இருபதுதான்" என்று ஏதோ பரீட்சையில் விடை சரியாக வந்த மாதிரி தலையாட்டிவிட்டு வாங்கினார்கள். ஒரு கிழவர் அடி மூட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அட, நிஜமாவே முளைச்சிருக்கு" என்று சந்தோஷமாகப் போனார்.

முதலாளி மார்க்கெட்டிலிருந்து வந்தவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். கல்லாக்கா ஒளிக்கவில்லை. என்ன நடந்தது என்று நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவர் தன் போனைத் தூரத்தில் நீட்டிப் பிடித்து, முதலிலிருந்து முழுசாகப் படித்தார்.

"நீங்க சொன்னாலும் போடமாட்டேன்னு ஊருக்கெல்லாம் எழுதியிருக்கே" என்றார்.

"உங்களுக்குத்தான் எழுதினேன்."

"அது தெரியுது." அவர் பிஸ்கட் பெட்டி பிரிக்க உள்ளே போனார். கோபமா, யோசனையா என்று முதுகை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலரை மணிக்கு டீச்சரம்மா வந்தார். கையில் பெரிய பை. வரிசையில் நின்று, முறை வந்ததும் இரண்டே இரண்டு பாக்கெட்டைக் கல்லாவில் வைத்தார். கடையில் இருந்த பாதிப் பேருக்கு விஷயம் தெரியும்.

கல்லாக்கா எழுந்து நின்றாள். "டீச்சரம்மா, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. உங்க முகத்தைப் பாக்கவே கூசுது. மன்னிச்சிடுங்க."

டீச்சரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளையே பார்த்தார். மூக்கு விடைத்தது.

"மத்தியானம் படிச்சதும் ரொம்பக் கோபம் வந்தது. ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் படிச்சேன் வேற. நேரா வந்து உன்னை நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன்."

"கேளுங்க."

"அப்புறம் ரெண்டாம் தடவை படிச்சேன். சர்க்கரைக்கு நான் பண்ணினது கூத்துதானே, அதை என்னன்னு மறுக்கறது? மூணாம் தடவை படிச்சப்ப தெரிஞ்சது, இவ்வளவு நீளத்துக்கு எழுதியிருக்கே, பேசற தமிழ்தான், ஆனா ஒரு இடத்துல எழுத்துப்பிழை இல்லை. என் பிள்ளைங்க அஞ்சு வரி எழுதினா ஏழு பிழை வருது." பையைத் திறந்தார். "பில் போடு. இனிமே என்னைப் பத்தி என்ன சொல்லணும்னாலும் என்கிட்டயே சொல்லு."

கல்லாக்காவுக்குப் பில் இயந்திரத்தின் எண்கள் கலங்கித் தெரிந்தன. எப்படியோ போட்டுக் கொடுத்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

அடுத்து நின்றது குடித்தனக்காரி, இரண்டு பாக்கெட்டோடு. அவள் வேறு வீடு, நியாயம்தான். அவளுக்குப் பின்னால் டீச்சரம்மாவின் புருஷன் இரண்டு பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூரையில் ஏதோ படிப்பது போல மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மகன்.

"சார்," என்றாள் கல்லாக்கா, "உங்க வீட்டுக்கு இப்பதான் பில் போட்டேன்."

"நான்... நான் சோப்பு வாங்க வந்தேன்" என்றார் அவர்.

கடையே சிரித்தது. வாசல் வரை போயிருந்த டீச்சரம்மாதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சார் பிஸ்கட்டைத் திரும்ப அடுக்கிவிட்டு, வேறு வழியில்லாமல் நாலு சோப்பு வாங்கி, இலவச சோப்போடு போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கிடங்கில் நாலு பெட்டி பிஸ்கட்தான் மிச்சம். அச்சகத்துக்காரரும் அன்று வந்திருந்தார். முதலாளி அவருக்கு டீ வரவழைத்துக் கொடுத்து, அலமாரியில் விலைச்சீட்டு வைக்க நல்ல எழுத்தில் அட்டை அடித்துத் தரச் சொன்னார். கூடைக்காரப் பெண் வேண்டாம் என்றும் சொன்னார். அவர் வருத்தப்படவில்லை. "நானும் வெள்ளிக்கிழமை ரெண்டு பாக்கெட் வாங்கிட்டுப் போனேன்யா, என் போஸ்டரைப் பாத்து நானே எதுவும் வாங்கினதில்லை" என்றார்.

பிறகு முதலாளி கல்லாவுக்கு வந்தார். "அடுத்த வாரமும் நீயே எழுது. எனக்கு எழுதறியே, அதே மாதிரி எழுது. வேற மாதிரி வேண்டாம்."

"காலாவதி தேதி?"

"போட்டுக்கோ" என்றார், கொஞ்சம் மனசில்லாமல்.

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை எழுத உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. இருநூற்று நாற்பத்து மூன்று பேரை நினைத்தால் கை தானாக 'அன்பான வாடிக்கையாளர்களே' என்று போகிறது. அங்கேயே மூச்சு நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் அடித்து அடித்து அழித்தாள். கடைசியில் எரிச்சலோடு 'முதலாளி,' என்று ஆரம்பித்தாள். உடனே அரிசியில் கல் குறைந்திருப்பது, எண்ணெய் டப்பாவின் மூடி இறுக்கமாக இருப்பது, எல்லாம் தண்ணீர் மாதிரி வந்துவிட்டது. முடித்துவிட்டு, அந்த முதல் சொல்லை மட்டும் அழித்துவிட்டு அனுப்பினாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. எழுதும்போது முதலாளி இருப்பார், அனுப்பும்போது இருக்கமாட்டார். ஒரே ஒரு வாரம், கல்லாவில் நெரிசலாக இருந்தபோது, அந்தச் சொல்லை அழிக்க மறந்துவிட்டாள். இருநூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் "முதலாளி," என்றே போயிற்று.

அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அதைத் தவறு என்று சொல்லவில்லை.